சர்விஸ் சார்ஜ் பங்கு: மணி நேரம் கணக்கில் வருகிறதா?

கிச்சன் போர்ட்டர், கிழக்கு லண்டன்:
எங்கள் உணவகத்தில் பில்லில் போடும் 12.5 சதவீத சர்விஸ் சார்ஜையும் டிப்ஸையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கிறார்கள். ஹெட் வெயிட்டருக்கு 6 பாயின்ட், வெயிட்டர் இருவருக்கும் தலா 5, செஃப் இருவருக்கும் தலா 4, உணவை மேசைக்குக் கொண்டுபோகும் ரன்னருக்கு 3, பாத்திரம் கழுவும் எனக்கு 2. போன வாரம் சேர்ந்தது 2,400 பவுண்டு. 55 மணி நேரம் நின்ற எனக்கு 165. 30 மணி நேரம் வந்த ரன்னருக்கு 248. என் பாயின்ட் குறைவு, சரி. ஆனாலும் இது நியாயமாகப் படவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா அண்ணா?

ட்ரோங்க் பொறுப்பாளர், லண்டன்:
தம்பி, மொத்தம் 29 பாயின்ட். 2,400ஐ 29 ஆல் வகுத்து அப்படியே கொடுத்திருக்கிறார்கள், மணி நேரத்தைத் தொடவே இல்லை. எங்கள் இடத்தில் ட்ரோங்க்கை, அதாவது ஊழியர்களுக்குச் சேரும் டிப்ஸ் நிதியை, நான் பிரிக்கும்போது ஒவ்வொருவரின் மணியையும் அவர் பாயின்ட்டால் பெருக்கித்தான் தொடங்குவேன். ஹெட் வெயிட்டரும் வெயிட்டர்களும் 40 மணி, செஃப்கள் 45 மணி என்று வைத்துக்கொள். ஹெட் வெயிட்டர் 240, வெயிட்டர்கள் 400, செஃப்கள் 360, ரன்னர் 90, நீ 110. கூட்டினால் 1,200 பங்கு, ஒரு பங்குக்கு 2 பவுண்டு. உனக்கு 220 வரும், ரன்னருக்கு 180.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உனக்கு வந்த தொகையை உன் மணியாலும் பாயின்ட்டாலும் வகுத்துப் பார். கூட வேலை செய்பவருக்கும் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் மணி கணக்கில் இல்லை, அல்லது ரோட்டாவில், அதாவது முன்கூட்டியே போடும் வேலை நேர அட்டவணையில், எழுதிய மணியை எடுத்திருக்கிறார்கள், உண்மையில் நின்ற மணியை அல்ல. எங்கள் இடத்திலும் இந்த ரோட்டாவால்தான் சண்டை வந்தது. இரவு மூடிய பிறகு துப்புரவுக்கு நிற்கும் நேரம் அதில் இருக்கவே இருக்காது.

வெயிட்டர், பர்மிங்ஹாம்:
கணக்கெல்லாம் எதற்கு? டிப்ஸுக்கு வரியே கிடையாது, வந்ததே லாபம்.

ட்ரோங்க் பொறுப்பாளர், லண்டன்:
வருமான வரி உண்டு. முதலாளி தலையிடாமல் ட்ரோங்க் பொறுப்பாளர் தனியாக முடிவு செய்து பிரித்தால் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம்தான் இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கும்.

ஹோட்டல் ஊழியர், கொழும்பு:
எங்களிடம் பில்லில் 10 சதவீதம் சேர்ப்பார்கள். சீசன் இல்லாத மாதத்தில் அது பாதியாகிவிடும், அதை நம்பி வாடகை கட்ட முடிவதில்லை. அங்கேயும் அப்படியா?

கிச்சன் போர்ட்டர், கிழக்கு லண்டன்:
ஜனவரியில் இங்கேயும் குறையும் அண்ணா. லண்டன் அண்ணா, நீங்கள் சொன்னபடி ஒரு வெயிட்டரோடு வகுத்துப் பார்த்தேன், எண் ஒத்துவரவில்லை. மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

ட்ரோங்க் பொறுப்பாளர், லண்டன்:
எழுத்தில் கேள். 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் இருக்கிறது: டிப்ஸை நியாயமாகப் பிரிக்க வேண்டும், அதற்கு எழுதிய கொள்கை வேண்டும், கணக்கை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீ கணக்கைக் கேட்கலாம். ஆனால் பாயின்ட் எத்தனை என்று சட்டம் சொல்வதில்லை. உன் 2 பாயின்ட் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

வெயிட்டர், பர்மிங்ஹாம்:
அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர் முகம் பார்த்து நிற்பது நாங்கள்.