பழைய மாருதியை உடைக்கக் கொடுக்கணும், ஷோரூம்ல சர்டிபிகேட் கேக்கிறாங்க. அவசரம்!

குளச்சல்காரன்: வீட்டில் ஒரு மாருதி 800 கிடக்கிறது. உப்புக்காத்தில் தரைத்தகடு அரித்து, மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரியும். இரும்புக்கடைக்காரர் 18,000 தருகிறேன், பேப்பரும் தருகிறேன் என்கிறார். புது வண்டிக்குச் சலுகை கிடைக்க அந்தப் பேப்பர் போதுமா? நாளைக்கு வண்டி எடுக்க வருகிறார்.

தக்கலை பாபு: எந்த வருஷ வண்டி? ஆர்சி யார் பேர்ல? லோன் அடைத்தாச்சா?

ஓட்டைசைலன்சர்: 15 வருஷம் தாண்டினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். சீக்கிரம் தள்ளிவிடுங்கள்.

வடசேரி மணி: அது டெல்லிக் கதை. இங்கே சொந்த வண்டிக்கு எஃப்சி எடுத்து, 5 வருஷத்துக்கு ஆர்சியைப் புதுப்பித்து ஓட்டலாம். இதையே எத்தனை தடவை எழுதுவது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா?

ஓட்டைசைலன்சர்: டெல்லியில் பிடித்தால் இங்கேயும் வரும், பாருங்கள்.

மார்த்தாண்டம் டீசல்: என் ஜீப்பைக் களியக்காவிளை தாண்டிக் கொடுத்தேன், நல்ல விலை.

வடசேரி மணி: ஓடுகிற ஜீப்பை விற்றீர்கள். அவர் உடைக்கக் கேட்கிறார்.

தக்கலை பாபு: தம்பி, நாளைக்கு வண்டியைக் கொடுக்காதீங்க. இரும்புக்கடைப் பேப்பர் வெறும் ரசீது. ஷோரூம் கேட்பது டெபாசிட் சர்டிபிகேட். அதை அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு மையம்தான் தர முடியும். அவர்கள் வாகன் என்கிற அரசு வண்டிப் பதிவுத் தளத்தில் கடன், திருட்டு வழக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியையே எடுப்பார்கள். சேஸிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி 6 மாசம் வைத்திருக்கணும். இரும்புக்கடையில் கொடுத்தால் வண்டி போய்விடும், ஆர்சி உயிரோடே இருக்கும். அந்த நம்பர் வேறு வண்டியில் ஏறினால் கேள்வி உங்க வீட்டுக்குத்தான் வரும்.

குளச்சல்காரன்: 98 மாடல். லோன் இல்லை. ஆர்சி அப்பா பேரில், அவர் 2019-ல் காலமாகிவிட்டார்.

தக்கலை பாபு: இதையல்லவா முதலில் சொல்லணும்! இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து வையுங்கள்.

வடசேரி மணி: முதலில் ஆர்டிஓவில் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்றணும்.

தக்கலை பாபு: இந்த நிலைமையில் உள்ள வண்டிக்குப் பேர் மாற்ற அலைவதா? வாரிசுச் சான்றோடு மையமே எடுக்கும். எதற்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு வண்டியைக் கட்டி இழுங்கள், இழுவைச் செலவு கொஞ்சநஞ்சமாக இருக்காது.

குளச்சல்காரன்: எவ்வளவு மிச்சமாகும்?

தக்கலை பாபு: புது வண்டியின் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. காருக்கு அது 600 ரூபாய்தான். பெரிய காசு சாலை வரியில். மத்திய விதி சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை என்கிறது. 'வரை' என்பதைக் கவனிங்க, கொடுப்பது மாநிலம். கம்பெனித் தள்ளுபடி தனி. ரெண்டையும் ஷோரூம்காரரிடம் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சர்டிபிகேட் உடனே காலாவதி ஆகாது, அவசரப்பட வேண்டாம்.

மார்த்தாண்டம் டீசல்: 600 ரூபாய்க்கா இந்த அலைச்சல்?

குளச்சல்காரன்: இரும்புக்கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அம்மா வாரிசுச் சான்றைத் தேடிட்டு இருக்காங்க.