பெர்மனன்ட் லிங்க் சோதனையில் தோற்ற இணைப்பு, சேனல் சோதனையில் தேறினால் போதுமா?

மாடிப்படி:
புதிய அலுவலகத்தில் கேட் 6 கேபிளில் 48 இணைப்புகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பெர்மனன்ட் லிங்க் சோதனை அறிக்கை தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 31ஆம் எண் மட்டும் FAIL* என்று வந்தது: ஜோடிகளுக்கிடையிலான குறுக்கீட்டை அளக்கும் NEXT, ஜோடி 36-45, 250 மெகாஹெர்ட்ஸில் 33.9 டெசிபெல், வரம்பு 35.3. மறுநாள் ஒப்பந்தக்காரர் புதிய அறிக்கை தந்தார். அதில் PASS* என்று இருக்கிறது. உற்றுப் பார்த்தால் சோதனை வகை Channel என்று மாறியிருக்கிறது, அளவு 33.7, வரம்பு 33.1. கேபிளை அவிழ்த்துக் கட்டவில்லை என்று அவரே சொல்கிறார். இந்த அறிக்கையில் கையெழுத்துப் போடலாமா?

கம்பிக்காரன்:
போடலாம். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கணினியிலிருந்து ஸ்விட்ச் வரையுள்ள முழுப் பாதைதான் சேனல். உங்கள் ஊழியர்கள் பயன்படுத்தப்போவதும் அதைத்தான். ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு கேட் 5இ கேபிளே போதும். அது 100 மெகாஹெர்ட்ஸ் வரைதான் சோதிக்கப்படுகிறது. நீங்கள் 250இல் ஒன்றரை டெசிபெல்லுக்காகக் கவலைப்படுகிறீர்கள். மேலும் அந்த நட்சத்திரக் குறி, முடிவு கருவியின் துல்லிய எல்லைக்குள் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அதாவது அது தோல்வி என்று அடித்துச் சொல்ல முடியாது.

நுண்ணலை:
கம்பிக்காரன் சொன்னதில் ஜிகாபிட் பற்றிய பகுதி சரி. அந்த இணைப்பு நாளைக் காலையே சிக்கலின்றி ஓடும். ஆனால் கேட்டவர் வாங்கியது ஜிகாபிட் அல்ல, கேட் 6.

பெர்மனன்ட் லிங்க் என்பது பேட்ச் பேனலிலிருந்து சுவர் ஜாக் வரை, கட்டடத்தோடு தங்கிவிடும் பகுதி. சேனலில் இரு பக்கப் பேட்ச் கார்டுகளும் சேர்கின்றன. கார்டுகளும் தம் பங்குக்குக் குறுக்கீட்டைக் கூட்டும் என்பதால்தான் சேனல் வரம்பு தளர்வாக இருக்கிறது. 35.3க்கும் 33.1க்கும் இடையிலுள்ள 2.2 டெசிபெல் அந்தக் கார்டுகளுக்காக ஒதுக்கிய இடம். அதில் 1.4ஐச் சுவருக்குள் இருக்கும் கேபிள் தின்றுவிட்டது. சோதனைக்கு அவர் செருகிய கார்டுகள் நல்லவையாக இருந்திருக்கலாம்; அவை அவரோடு திரும்பிப் போய்விட்டன. நாளை யாரோ ஒருவர் வேறு கார்டைச் செருகும்போது அந்த 0.6 டெசிபெல் மிச்சம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். கருவியின் துல்லிய எல்லைக்குள் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஐயம் முடிவை மாற்றுவதில்லை. FAIL* தோல்வியாகவும் PASS* தேர்ச்சியாகவும்தான் எண்ணப்படுகிறது. முதல் அறிக்கையின் நட்சத்திரத்தை ஐயம் என்று தள்ளிவிட்டு, இரண்டாவது அறிக்கையின் நட்சத்திரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது நேர்மையல்ல.

பச்சைவிளக்கு:
எனக்கும் இதே பிரச்சினைதான். எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் சிறிய கருவியால் பார்த்தேன், எல்லாம் சரியாக எரிந்தன. ஆனாலும் இணைப்பு அடிக்கடி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. நான் 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக இரு முனையிலும் ஒரே மாதிரி செருகியிருக்கிறேன். கேபிளையே மாற்ற வேண்டுமா?

நுண்ணலை:
உங்களுடையது வேறு கதை. கேபிளை மாற்ற வேண்டாம், முனைகளை மாற்றுங்கள். சமிக்ஞை 3, 6ஆம் ஊசிகளில் ஒரு ஜோடியாகவும், 4, 5இல் இன்னொரு ஜோடியாகவும் போக வேண்டும். நீங்கள் 3ஐயும் 6ஐயும் வெவ்வேறு முறுக்குகளில் பிரித்துவிட்டீர்கள். முறுக்கின் வேலையே, பக்கத்து ஜோடியிலிருந்து வருவதை இரு கம்பிகளிலும் சமமாக விழச்செய்து கழித்துவிடுவதுதான். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரு கம்பிகளில் அந்தக் கழித்தல் நடக்காது. விளக்குக் கருவி மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கிறது, அதற்கு இது தெரியாது.

மாடிப்படி, உங்களுடையதும் 36-45 ஜோடிதான். 4-5 உள்ளே, 3-6 அதைக் கவ்விக்கொண்டு வெளியே என்று ஜாக்கின் ஊசிகள் அமைந்திருப்பதால், முனை வேலையில் பிசகு நேர்ந்தால் பெரும்பாலும் அந்த ஜோடிகளில்தான் முதலில் தெரியும். அதனால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் அறிக்கையில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தோல்வி எந்த முனையில் பதிவாகியிருக்கிறது? HDTDX வரைபடம் இருக்கிறதா? அது குறுக்கீட்டைத் தூரத்துக்கு ஏற்பப் பிரித்துக் காட்டும். ஒரே இடத்தில் கூர்மையான சிகரம் என்றால் இணைப்பி. நெடுக மேடாக இருந்தால் கேபிளே மட்டம், அல்லது கட்டுப்பட்டைகளை இறுக்கி நசுக்கியிருக்கிறார்கள்.

மாடிப்படி:
பார்த்தேன். நீளம் 38 மீட்டர். தோல்வி சுவர் முனையில் பதிவாகியிருக்கிறது. பேனல் பக்கத்திலிருந்து எடுத்த வரைபடத்தில் 38 மீட்டரில் ஒரு சிகரம், நடுவே ஏறக்குறைய தட்டை.

நுண்ணலை:
அப்படியானால் சுவர் ஜாக்தான். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. உறையையும் தேவைக்கு மேல் உரிக்கக் கூடாது. ஜாக் மாற்றிக் கட்ட அரை மணி நேரம் ஆகாது. இவ்வளவு சிறிய வேலையை விட்டுவிட்டு, கருவியில் சோதனை வகையை மாற்றியிருக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கம்பிக்காரன்:
நானும் ஒத்துக்கொள்கிறேன், ஜாக் என்றால் மாற்றித்தான் தர வேண்டும். ஆனால் வகையை மாற்றியதை ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள். பல வாடிக்கையாளர்கள் சேனல் அறிக்கையையே கேட்கிறார்கள். 38 மீட்டரில் கேட் 6 பத்து ஜிகாபிட்டே தாங்கும், 55 மீட்டர் வரை போகலாம் என்பார்கள்.

நுண்ணலை:
கேட்கிறவர்களுக்குத் தரலாம், இவர் கேட்கவில்லை. பத்து ஜிகாபிட்டுக்கு 500 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். பக்கத்துக் கேபிளிலிருந்து வரும் குறுக்கீடும் கணக்கில் சேரும். 48 கேபிள்களை ஒரே கட்டாக இறுக்கியிருந்தால் 55 மீட்டர் என்பதை நம்பி இறங்க முடியாது. 250 வரை எடுத்த அறிக்கை அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

மாடிப்படி:
இன்று ஜாக்கைத் திறந்தார்கள். 36 ஜோடியும் 45 ஜோடியும் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குப் பிரிந்து நேராகக் கிடந்தன. புதிய ஜாக்கில் முறுக்கை ஊசி வரை கொண்டுபோய்க் கட்டி, பெர்மனன்ட் லிங்காகவே சோதித்தார்கள். அதே ஜோடி, 250இல் 38.2. நட்சத்திரம் இல்லாத PASS.

இப்போது இன்னொரு கேள்வி. மீதி 47இல் ஐந்து இணைப்புகளில் PASS* இருப்பதை நேற்றுவரை நான் கவனிக்கவே இல்லை. அவற்றையும் திறக்கச் சொல்லலாமா?

கம்பிக்காரன்:
அது தேர்ச்சி. நட்சத்திரம் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே கேட்கலாம்.

நுண்ணலை:
உரிமையாகக் கேட்க முடியாது, அதில் அவர் சொல்வது சரி. ஆனாலும் அந்த ஐந்தின் மோசமான ஜோடியும் முனையும் எவை என்று இங்கே பதியுங்கள். ஐந்தும் 36-45 ஆகவும் சுவர் முனையாகவும் இருந்தால், ஒரே கை ஒரே மாதிரி கட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது நான் திறந்து பார்க்கவே கேட்பேன்.