இரண்டாவது அடியில் நின்றுபோன நிறை

கணக்குநோட்டு: தேர்வுக்கு முந்தைய இரவில் லாப்லாஸ் உருமாற்றக் கணக்கொன்றில் மாட்டிக்கொண்டேன். ஒரு கிலோ நிறை, மீட்டருக்கு ஒரு நியூட்டன் விறைப்புள்ள சுருள்வில், உராய்வு இல்லை. ஓய்வில் இருக்கும் நிறையை t = 0 முதல் π வினாடிக்கு ஒருமுறை, ஒரே திசையில், ஒரு நியூட்டன்-வினாடி உந்தத்துடன் சுத்தியலால் அடிக்கிறார்கள். அடிகளின் உருமாற்றங்கள் பெருக்குத் தொடராக அமைவதால் கூட்டி எழுதினேன்:

```
X(s) = 1 / ((s² + 1)(1 − e^(−πs)))
```

இதைப் பகுதிப் பின்னங்களாக உடைக்க ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான், கூட்டியதைத் திரும்பத் தொடராக விரித்தாலே போதும் என்பது உறைத்தது. ஒவ்வோர் உறுப்பும் π வினாடி தாமதமாகத் தொடங்கும் ஒரு சைன்; sin(t − π) = −sin t என்பதால் இரண்டாவது அடி முதலாவதை அப்படியே அழித்துவிடுகிறது. π முதல் 2π வரை நிறை அசையவே இல்லை என்று விடை வந்ததும், தவறு என்று நினைத்து முழுவதையும் அடித்துவிட்டேன்.

பட்டறைவாசி: எங்கள் பவர் பிரஸ்ஸும் இப்படித்தான் அடிக்கிறது, ஆனால் தரை நடுங்குவது நின்றபாடில்லை. அடியில் எத்தனை அங்குல ரப்பர் போடலாம்?

பழைய விரிவுரையாளர்: ரப்பர் தணிப்பைக் கூட்டும், இங்கே தணிப்பே இல்லை என்பதால் அது வேறு கணக்கு. மாணவரின் விடை சரியானதே. π வினாடியில் நிறை நடுநிலையைக் கடந்து வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும். அதே அளவு அடி அந்த வேகத்தைச் சுழியாக்குகிறது. (இந்தச் சுருளில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் பத்து மீட்டர் நீளும், தரையில் கிடத்தியே கற்பனை செய்க.)

அலைவு: அப்படியானால் விசையின் காலமும் இயல்பு அலைவுக் காலமான 2π வினாடியும் சமமானால் மட்டுமே ஒத்ததிர்வு என்று நான் படித்தது உறுதியாகிறது.

பழைய விரிவுரையாளர்: பாதிதான் உறுதியாகிறது. 4π வினாடிக்கு ஒருமுறை அடித்தாலும் ஒவ்வோர் அடியும் வீச்சைக் கூட்டும். ஆனால் அரைக்காலம் +1, அரைக்காலம் −1 என மாறும் சதுர அலையை 4π காலத்தில் கொடுத்தால் வீச்சு வளராது. அதன் உருமாற்றம் (1/s)tanh(Ts/4); T = 4π எனில் s = i என்ற இடத்தில் அது சுழியாகி, s² + 1 தரும் துருவத்தை நீக்கிவிடுகிறது. T = 6π எனில் அதே இடத்தில் இரட்டைத் துருவம் விழுந்து ஒத்ததிர்வு வரும். நானே ஒருமுறை வகுப்பில் 4π-க்கு ஒத்ததிர்வு என்று சொல்லிவிட்டு, மறுநாள் திருத்த வேண்டியதாயிற்று.

கணக்குநோட்டு: ஆய்வகத்தில் தள்ளுவண்டியையும் சுருளையும் வைத்துக் கையால் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது அடிக்குப் பிறகு வண்டி முழுமையாக நிற்கவில்லை. என் கை நேரம் தவறியதா, முதல் அடியை விட இரண்டாவது மெலிந்ததா என்பது பிடிபடவில்லை.

அலைவு: இரண்டாவது அடி விழுந்த கணத்தில் வண்டி நடுநிலையில் இருந்ததா, தள்ளி இருந்ததா? அதைக் குறித்திருந்தால் தெரிந்துவிடுமே.