கூட்டத்தில் முதல் ஒன்றரை நிமிடம்: உங்கள் மனசில் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

சிப்புட்_மணி
எங்க ஊர் சுங்கை சிப்புட்டில் பெற்றோர் கூட்டம். தலைப்பு பிள்ளைகளுக்கான சேமிப்பு. பேச்சாளர் கோலாலம்பூர்க்காரர், தயாராகத்தான் வந்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு பத்து வெள்ளி நோட்டைத் தூக்கிக் காட்டினார். “இதை வச்சு ஒரு தோட்டத்தையே வாங்க முடியும்னா நம்புவீங்களா?” கேட்டுவிட்டு நிறுத்தினார். நல்ல நிறுத்தம்தான். ஆனால் அந்த இடைவெளியில் இரண்டாவது வரிசைப் பாட்டி ஒருவர், “வாங்குனோமே சார். சம்பந்தன் ஐயா வந்து கேட்டாரு, எங்க வீட்டுக்காரரு மாசாமாசம் கட்டுனாரு” என்றார். மொத்த மண்டபமும் அந்தப் பக்கம் திரும்பியது. இவர் “வெரி குட் பாட்டி” என்று சிரித்துவிட்டு, “1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்...” என்று எழுதி வந்ததை அப்படியே தொடர்ந்தார். தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டித் தோட்டங்களை வாங்கிய அந்தச் சங்கத்தை நிறுவிய சம்பந்தன் பிறந்த ஊரில்! அப்புறம் யாரும் அவரைப் பார்க்கவில்லை, பாட்டியைச் சுற்றித்தான் பேச்சு. அவர் செய்ததில் எது தப்பு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கதை, கேள்வி, ஆச்சரியத் தகவல் மூன்றுமே இருந்ததே?

லயத்துப்பையன்
தகவல் சொன்னதுதான் தப்பு. நம்ம ஆளுங்ககிட்ட கேள்வி கேட்கணும், கை தூக்கச் சொல்லணும். கை தூக்கிட்டா அவன் உள்ள வந்துட்டான்னு அர்த்தம். நான் இளைஞர் கூட்டத்துல எப்பவும் அப்படித்தான் ஆரம்பிப்பேன், ஒரு தடவைகூட சொதப்பினதில்ல.

செம்பனை_குமார்
லயத்துப்பையன் தம்பி, இளைஞர் கூட்டம் வேற, தோட்டம் வேற. எங்க தோட்டத்துல மருந்து அடிக்கிறவங்களுக்குப் பாதுகாப்புப் பேச்சு நடந்துச்சு. வந்த அதிகாரி எடுத்த எடுப்புல கேட்டாரு: “யாரெல்லாம் கையுறை போடாம மருந்து அடிக்கிறீங்க? கை தூக்குங்க.” வேலை வாங்குற மண்டோர் பக்கத்துலயே நிக்கிறாரு. எவன் தூக்குவான்? பாதிப் பேரு கூரையைப் பார்த்தான். அதிகாரி சிரிச்சுக்கிட்டே, “ஆக எல்லாரும் போடுறீங்க, நல்லது”ன்னுட்டாரு. அங்கேயே பேச்சு முடிஞ்சு போச்சு, மிச்சம் அரை மணி நேரம் சும்மா காத்து.

அடுத்த வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. “கண்ணுல மருந்து பட்டு வீட்டுக்குப் போன ஆளு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?” அவ்வளவுதான் கேட்டாங்க. நாலு பேரு ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சாங்க, எல்லாம் ‘இன்னொருத்தன்’ கதை. அதுல ரெண்டு சொந்தக் கதைன்னு எங்களுக்குத் தெரியும். இதுவும் கேள்விதான் தம்பி. ஆனா பதில் சொல்றவன் மாட்டிக்க மாட்டான்.

கல்யாணவீட்டுக்காரி
எனக்கும் இதே பிரச்சினைதான். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான்தான் நிகழ்ச்சி நெறியாளர். மைக்கை எடுத்தாலே கூவுது, முதல் ரெண்டு வரி யாருக்கும் கேட்கிறதில்லை. ஒலிபெருக்கிக்காரரை முன்கூட்டியே வரச் சொல்லலாமா?

டீச்சர்_ரா
கல்யாணவீட்டுக்காரி, வரச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்று: மைக் கூவாவிட்டாலும் முதல் வரி போகத்தான் செய்யும். நாற்காலி இழுப்பார்கள், பிள்ளையை மடியில் உட்கார வைப்பார்கள். அடங்கும்வரை வாயைத் திறக்காமல் நில்லுங்கள்.

மணி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். என் மாணவி ஒருத்தி ஐந்து நிமிடப் பேச்சுப் போட்டிக்குத் தயாரானாள். தலைப்பு, தோட்டத்தை விட்டு வெளியேறும் இளைஞர்கள். “மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே” என்று விளி முடியவே ஏறக்குறைய முக்கால் நிமிடம். அதன்பின் ரப்பர் விதையைப் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விக்காம் யார், மலாயாவில் ரப்பரைப் பரப்பிய ரிட்லி யார் என்று வரலாறு. ஒன்றரை நிமிடம் தாண்டியும் இளைஞர் யாரும் பேச்சுக்குள் வரவில்லை.

விளியை “அவையோர் அனைவருக்கும் வணக்கம்” என்று சுருக்கினோம். மேசைமேல் ஒரு ரப்பர் கொட்டையை வைத்தாள். “இதைத் தரையில் தேய்த்து யார் கையில் சூடு வைத்தீர்கள்?” நீதிபதி மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் வாய் திறக்கக் கூடாது என்பதைப் பழக்குவதுதான் பெரும்பாடு. பிள்ளைகளுக்கு மௌனம் பயம், உடனே அடுத்த வரிக்கு ஓடுவார்கள். பிறகு: “1876இல் இப்படிப்பட்ட கொட்டைகள் சுமார் 70,000 பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறின. லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. மறுவருடம் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் 9 நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அந்த ஒன்பதுக்குப் பின்னால் வந்தவர் என் கொள்ளுத்தாத்தா. அவர் பால் வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் இன்று செம்பனை. என் அண்ணன் வேலை தேடி ஜொகூருக்குப் போய்விட்டான்.”

எண்கள் குறைந்துகொண்டே வந்து ஒரு வீட்டுக்குள் முடிவதால்தான் காதில் நிற்கின்றன. விக்காம் பெயரை எடுத்துவிட்டோம், யாரும் தேடவில்லை. அண்ணன் ஜொகூர் போன வரி வராவிட்டால் இது வெறும் பொது அறிவு.

ஆனால் இதே தொடக்கம் ஈப்போ சுற்றில் விழுந்தது. நீதிபதிகள் இளவயது, பட்டணத்தில் வளர்ந்தவர்கள். கொட்டையைப் பார்த்து ஏதோ கூழாங்கல் என்று நினைத்த மாதிரி இருந்தது. கேள்வி அந்தரத்தில் நின்றது. அதற்கடுத்த மேடையில் கேள்வியை எடுத்துவிட்டு, “எங்கள் தோட்டத்தில் இதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்போம்” என்று கதையாகச் சொல்ல வைத்தேன். தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும், தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சாளர் சுங்கை சிப்புட்டில் போய்ப் பத்து வெள்ளியைச் ‘சொன்னார்’. அவர் கேட்டதும் உண்மையில் கேள்வி இல்லை, பதில் வரும் என்று அவர் நினைக்கவேயில்லை. “யார் வீட்டில் நில நிதிச் சங்கத்தின் பங்குப் பத்திரம் இருக்கிறது?” என்று தொடங்கியிருந்தால் பாட்டியே அவருக்குத் தொடக்கம்.

பெரியவர்_சு
டீச்சர், விளியைச் சுருக்கலாம் என்கிறீர்கள். போட்டிக்குச் சரி. எங்கள் கோயில் மண்டபத்தில் தலைவர் பெயரைச் சொல்லாமல் கதையை ஆரம்பித்துப் பாருங்கள். முதல் வரிசை முகம் சுளிக்கும், பின் வரிசை முதல் வரிசையைத்தான் பார்க்கும். நான் ஒருமுறை கதையின் முதல் இரண்டு வரியைச் சொல்லி, நடுவில் நிறுத்தி, விளியைச் சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்பியவரைக் கேட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

லயத்துப்பையன்
தலைவருக்காகவா பேசுறோம் ஐயா?

பெரியவர்_சு
மண்டபம் கொடுத்தது யார் தம்பி?

டீச்சர்_ரா
போட்டியிலும் விளி குறைந்தால் மதிப்பெண் போகும் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சிலர் போகாது என்கிறார்கள். நிகழ்ச்சி நெறியாளரே பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டால் பேச்சாளர் தப்பிக்கலாம். அதற்கு அவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

சிப்புட்_மணி
பங்குப் பத்திரம் யோசனை சரி. ஆனால் பாட்டி அப்படி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், ஒன்றரை நிமிடம் ஒன்றரை மணி ஆகிவிடும். மைக்கை எப்படித் திரும்ப வாங்குவது? அதையும் யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

செம்பனை_குமார்
மைக்கைக் கையில குடுக்கவே கூடாது அண்ணே. அந்த மருந்து அம்மா எங்ககிட்ட குடுக்கல. ஒருத்தரு சொன்னதை ஒரு வரியில அவங்களே மைக்ல திருப்பிச் சொன்னாங்க, “கண்ணு ரெண்டு நாள் திறக்கல, சரியா?” அப்படியே கண்ணாடி மாட்டுற விஷயத்துக்குப் போயிட்டாங்க.