நாற்பது கட்டமும் தீர்ந்துவிட்டது, ஈஸ்டர் வரவில்லை: தவக்காலத்தை எண்ணிய அனுபவங்கள்

கட்டம்போட்டவன்:
மறைக்கல்வி வகுப்பில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 2024 தவக்காலத்துக்கு ஒரு பெரிய அட்டையில் நாற்பது கட்டம் வரைந்து சுவரில் ஒட்டினேன். தினமும் ஒரு பிள்ளை ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். கடைசிக் கட்டம் முடிந்தால் மறுநாள் ஈஸ்டர். திட்டம் அவ்வளவுதான். பிப்ரவரி 14 சாம்பல் புதனன்று ஆரம்பித்தோம். மார்ச் 24-ஆம் தேதி நாற்பதாவது கட்டமும் நிரம்பிவிட்டது. அன்று குருத்து ஞாயிறு! பிள்ளைகள் கையில் குருத்தோலையோடு வந்து, “சார், நாளைக்கு ஈஸ்டரா?” என்று கேட்டார்கள். மார்ச் 31-தான் ஈஸ்டர் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாரம் எங்கே போனது என்று சொல்லத் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று தப்பித்தேன்.

வீட்டில் உட்கார்ந்து எண்ணிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளை நான் கழிக்கவே இல்லை என்று புரிந்தது. உங்களில் யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?

மெழுகுவர்த்தி:
நான் வேறு விதமாக மாட்டினேன். ஞாயிற்றைக் கழிக்க வேண்டும் என்று தெரியும். 2025-க்கு ஈஸ்டர் ஏப்ரல் 20. அதையே “ஒன்று” என்று வைத்துப் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தேன். சனி இரண்டு, வெள்ளி மூன்று… ஞாயிறுகளை எல்லாம் ஒழுங்காகத் தாண்டித்தான் போனேன். நாற்பது வந்து நின்ற இடம் மார்ச் 6. வியாழக்கிழமை. “சாம்பல் வியாழன்” என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை, அதனால் தப்பித்தேன்.

பழைய நாள்காட்டி:
மெழுகுவர்த்தி அக்கா சொன்னதுதான் நிறையப் பேர் சறுக்கும் இடம். ஈஸ்டரும் ஒரு ஞாயிறுதான். மற்ற ஞாயிறுகளைத் தாண்டிவிட்டு இதை மட்டும் எண்ணினால் ஒரு நாள் இடிக்கும். எண்ணிக்கை அதற்கு முந்தின புனித சனியில் தொடங்க வேண்டும்.

இருபது வருடமாகப் பங்குக்கு நாள்காட்டி தயாரிக்கிறேன், இன்னும் கையால் ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை. 2025-ஐயே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 19 சனி தொடங்கிப் பின்னோக்கி 14 திங்கள் வரை ஆறு நாள். 13-ஆம் தேதி குருத்து ஞாயிறு, தாண்டிவிடுங்கள். 12-இலிருந்து 7 வரை இன்னும் ஆறு, ஆகப் பன்னிரண்டு. ஏப்ரல் 6 ஞாயிறு, தாண்டு. இப்படியே வாரத்துக்கு ஆறு ஆறாகப் போனால் மார்ச் 10 திங்கட்கிழமையில் முப்பத்தாறு வந்துவிடும். மார்ச் 9 தவக்காலத்தின் முதல் ஞாயிறு, அதையும் தாண்டு. இன்னும் நான்கு வேண்டும்: 8 சனி, 7 வெள்ளி, 6 வியாழன், 5 புதன். மார்ச் 5 சாம்பல் புதன். தாண்டிய ஞாயிறுகள் ஆறு, எண்ணிய நாள்கள் நாற்பது, ஆக மொத்தம் நாற்பத்தாறு நாள் பின்னால் போயிருக்கிறோம்.

விடை புதன்கிழமையில் விழாவிட்டால் கணக்கு தப்பு. நாற்பத்தாறில் ஆறு முழு வாரம் போக நான்கு நாள் மிச்சம். ஞாயிற்றிலிருந்து நான்கு நாள் பின்னால் போனால் புதன்தான் வரும். வியாழன் வந்தால் ஈஸ்டரையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் என்று அர்த்தம். செவ்வாய் வந்தால் பெரும்பாலும் பிப்ரவரியில் கோட்டை விட்டிருப்பீர்கள்.

கட்டம்போட்டவன்:
பிப்ரவரியில் என்ன?

பழைய நாள்காட்டி:
2024-ஐத்தான் சொல்கிறேன் தம்பி. மார்ச் 31-இலிருந்து 31 நாள் பின்னால் போனால் பிப்ரவரியின் கடைசி நாள். மிச்சம் 15. அந்தக் கடைசி நாளை 28 என்று நினைத்தால் 13-ஆம் தேதி, செவ்வாய். அது லீப் வருடம், 29 இருந்தது. ஆகவே 14, புதன்.

தாமதமாக வந்தவன்:
அந்த 14-ஆம் தேதியை நான் மறக்கவே மாட்டேன். காதலர் தினமும் ஒருசந்தியும் ஒரே நாளில். முன்பதிவு செய்த இரவுச் சாப்பாட்டை ரத்து செய்தேன், அதற்கு வீட்டில் கிடைத்த திட்டு தனிக்கதை. சரி, என் கேள்வி இதுதான். ஈஸ்டரே ஏன் வருடத்துக்கு ஒரு தேதியில் வருகிறது? அது நின்ற இடத்தில் நின்றால் இந்தக் கணக்கே தேவைப்படாதே?

பழைய நாள்காட்டி:
அது வேறு கணக்கு, நிலாவோடு சம்பந்தப்பட்டது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று சுருக்கமாகச் சொல்லலாம். திருச்சபைக்கென்று ஒரு பௌர்ணமிப் பட்டியல் உண்டு, வானத்துப் பௌர்ணமியோடு அது எப்போதும் ஒத்துப்போகாது. இங்கே நமக்கு அது வேண்டாம். ஈஸ்டர் தேதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். அந்தத் தேதி மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில்தான் விழும்.

ஊதாத்துணி:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவக்காலத்தைச் சேர்ந்ததே இல்லை, அதனால்தான் கழிக்கிறோம். ஆகவே ஞாயிறன்று இறைச்சி, இனிப்பு, சினிமா எல்லாம் உண்டு. நான் அப்படித்தான் கடைப்பிடிக்கிறேன்.

பழைய நாள்காட்டி:
பாதி சரி. ஞாயிறு நோன்பு நாள் இல்லை, ஆண்டவர் உயிர்த்த நாளில் ஒருசந்தி இருப்பது பழங்கால வழக்கத்திலேயே கிடையாது. அதனால்தான் நாற்பது நோன்பு நாளை நிரப்பும்போது அதை எண்ணுவதில்லை. ஆனால் “தவக்காலத்தைச் சேர்ந்ததே இல்லை” என்பது சரியல்ல. பூசைப் புத்தகத்தில் அந்த நாள்களின் பெயரே “தவக்கால முதல் ஞாயிறு”, “இரண்டாம் ஞாயிறு” என்றுதான் போகிறது. அன்றும் குருவானவர் ஊதா உடைதான் போடுகிறார், அல்லேலூயாவும் கிடையாது. உங்கள் பெயரே ஊதாத்துணி, நீங்களே இதை மறக்கலாமா?

ஊதாத்துணி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்று இனிப்பை விடுவதாக இல்லை.

சூசை பக்தன்:
எனக்கும் ஒரு சந்தேகம். மார்ச் 19 புனித சூசையப்பர் திருவிழா, 25 மங்கள வார்த்தைத் திருநாள். இரண்டும் பெருவிழா. 2025-இல் இரண்டும் தவக்காலத்துக்குள் வந்தன. ஞாயிறு போல அவற்றையும் கழித்துவிட்டு நான் எண்ணினேன். மார்ச் 3, திங்கட்கிழமை வந்தது. உபதேசியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்றுவரை காரணம் தெரியாது.

பழைய நாள்காட்டி:
கழிப்பது ஞாயிறுகளை மட்டுமே. அந்தத் திருவிழாக்கள் வந்தாலும் வராவிட்டாலும் நாற்பத்தாறு மாறாது. வருடத்துக்கு வருடம் மாறினால் சாம்பல் புதன் என்று ஒரு கிழமையே நிலைக்காதே.

மலபார் மருமகள்:
திங்கட்கிழமை வந்தால் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்! நான் சீரோ மலபார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான முதல் வருடம், புதன்கிழமை காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மாமியார், “நாங்கள் திங்கட்கிழமையே பூசிவிட்டோமே, நீ எங்கே போயிருந்தாய்?” என்றார். அங்கே நோன்பு ஈஸ்டருக்கு 48 நாள் முந்தின திங்கட்கிழமை தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றைக் கழிக்கிற பேச்சே இல்லை, “ஐம்பது நோன்பு” என்றுதான் சொல்கிறார்கள். இப்போது நான் இரண்டு நாளும் பூசிக்கொள்கிறேன், யாருக்கும் வருத்தம் வேண்டாம்.

பழைய நாள்காட்டி:
நல்லதைச் சொன்னீர்கள் அம்மா. சூசை பக்தன் ஐயாவுக்கு வந்த திங்கள் தற்செயலாக வந்தது, உங்களுடையது முறையாக வந்தது. நாற்பத்தாறு என்பது லத்தீன் முறையின் கணக்கு, அதிலிருந்து பிரிந்த சபைகள் பலவும் அதையே வைத்துக்கொண்டன. லத்தீன் முறையிலும் ஆதியிலிருந்து இப்படி இல்லை. 604-இல் இறந்த பாப்பரசர் பெரிய கிரகோரி ஒரு மறையுரையில், ஆறு வாரத்தில் ஞாயிறுகள் போக 36 நாள் நோன்பு என்று கணக்கிட்டு, அது வருடத்தில் பத்தில் ஒரு பங்கு, கடவுளுக்குத் தரும் தசமபாகம் என்கிறார். நான் முன்னால் எண்ணிக் காட்டியபோது முப்பத்தாறில் ஒரு நிறுத்தம் வந்ததே, அதுதான் அந்தப் பழைய தொடக்கம். இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்தது நாற்பது நாள் என்பதால், முன்னால் புதன் முதல் சனி வரை நான்கு நாளைப் பிற்பாடு ஒட்டவைத்தார்கள். மிலான் நகரத்து அம்புரோசியார் முறையில் அந்த ஒட்டு இன்றுவரை இல்லை. அங்கே தவக்காலம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குகிறது.

அட்டவணைக்காரன்:
எனக்குக் கையால் எண்ணப் பொறுமை இல்லை. எக்செல்லில் A1 கட்டத்தில் ஈஸ்டர் தேதியைப் போட்டு இதை அடிப்பேன்:

```
=WORKDAY.INTL(A1,-40,11)
```

அலுவலக வேலைநாள் கணக்குக்காக வைத்திருக்கும் சூத்திரம் அது. 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. நாற்பது வேலைநாள் பின்னால் போ என்கிறோம், அது நேராகச் சாம்பல் புதனில் போய் நிற்கிறது. `=A1-46` என்று போட்டாலும் அதே விடைதான், ஆனால் முதலாவது ஞாயிறுகளை உண்மையாகவே தாண்டிப் போவதால் எனக்கு அதில் ஒரு திருப்தி. விடை எண்ணாகத் தெரிந்தால் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தி:
கம்ப்யூட்டர் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு: ஈஸ்டர் ஏப்ரலில் வந்தால் தேதியிலிருந்து 15 கழித்தால் போதும், மார்ச் தேதி வந்துவிடும். ஏப்ரல் 20 என்றால் மார்ச் 5. போதாமல் போனால் அந்தக் குறைவைப் பிப்ரவரியின் கடைசியிலிருந்து கழிக்க வேண்டும். 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, பத்து குறைகிறது, 28-இல் பத்து போனால் பிப்ரவரி 18. என் அம்மா இப்படித்தான் விரலில் போடுவார். ஈஸ்டர் மார்ச்சிலேயே வந்தால் என்ன செய்வார் என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

அட்டவணைக்காரன்:
மார்ச்சில் வந்தால் 18 கழித்தால் பிப்ரவரி தேதி. லீப் வருடமானால் 17.

கட்டம்போட்டவன்:
எல்லாருக்கும் நன்றி. அடுத்த அட்டையில் நாற்பது சதுரமும், ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் எண் போடாத ஒரு வட்டமும் வரைந்தேன், மொத்தம் ஆறு வட்டம். சதுரம் தீர்ந்த மறுநாளே ஈஸ்டர் வந்தது. ஆனால் இதைக் கேள்விப்பட்ட எங்கள் பங்குத்தந்தை ஒரு குண்டு போட்டார். 1969-இல் வந்த திருவழிபாட்டு ஆண்டு விதிமுறைப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு முன்பே முடிந்துவிடுகிறதாம். அப்படியானால் என் கடைசி இரண்டு சதுரங்கள் என்ன கணக்கு?

பழைய நாள்காட்டி:
அவர் சொன்னது உண்மைதான். வியாழனோடு நிறுத்தினால் சாம்பல் புதனிலிருந்து ஞாயிறு போக முப்பத்தெட்டு நாள்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், முதல் ஞாயிறு தொடங்கிப் பெரிய வியாழன் வரை, ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சரியாக நாற்பது. ஆகவே நாற்பது இரண்டு வழியில் கிடைக்கிறது. நோன்பு நாள் கணக்கு என்றால் சனி வரை, வழிபாட்டுக் காலக் கணக்கு என்றால் வியாழன் வரை என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஊதாத்துணி:
அப்போது ஞாயிறு சேர்த்தியா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கட்டம்போட்டவன்:
பிள்ளைகள் அதைக் கேட்பதற்குள் நான் இந்த வருட அட்டையை வரைந்தாக வேண்டும். வெள்ளிக்கும் சனிக்கும் சதுரம் வைத்து, ஊதாவுக்குப் பதில் வேறு வண்ணம் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். வெள்ளிக்குச் சிவப்பு. சனிக்கு என்ன வண்ணம் என்று யாராவது சொல்லுங்கள்.