வட்டி ஏறிய பிறகு 22,811 தவணையில் 145 ரூபாய்தான் அசலுக்குப் போகிறது. ஃபிக்ஸடுக்கு மாறலாமா?

வெண்மதி (2023 டிசம்பர்)

2022 ஜனவரியில் 30 லட்சம் வீட்டுக்கடன், 20 வருஷம், ஃப்ளோட்டிங், ரெப்போ + 2.75. அப்போது ரெப்போ 4.00, அதனால் வட்டி 6.75%, தவணை 22,811. இப்போது வட்டி 9.25%. தவணை மட்டும் மாறவேயில்லை, அதனால் நானும் கவனிக்கவில்லை. போன வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்தேன். 23 தவணை கட்டியாகிவிட்டது, பாக்கி அசல் 29,40,372. நவம்பர் தவணையில் வட்டி 22,666, அசல் 145. மீதித் தவணை 659 என்று போட்டிருக்கிறது.

கூடவே வங்கியிலிருந்து ஒரு கடிதம். தவணையைக் கூட்டலாம், காலத்தை நீட்டலாம், இரண்டையும் கலந்து செய்யலாம், ஒரு தொகை கட்டலாம், 10.75% ஃபிக்ஸடுக்கு மாறலாம் என்று ஐந்து கட்டம். எதில் டிக் போடுவது? கையில் 2 லட்சம் இருக்கிறது. மாதம் இன்னும் 2,000 வரை கூடுதலாகச் சமாளிக்கலாம்.

பாண்டி77

659 தவணை என்றால் 55 வருஷம், கண்டிப்பாகத் தப்பு. வட்டி இரண்டரை சதவீதம்தானே ஏறியிருக்கிறது? 20 வருஷம் 23 ஆகலாம், 25 ஆகலாம். கிளைக்குப் போய்ச் சண்டை போடுங்கள். பல இடத்தில் ஸ்பிரெட்டையும் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

எழில்

ஸ்பிரெட்டைப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் ரெப்போ இப்போது 6.50. அதோடு 2.75 சேர்த்தால் 9.25, ஆக ஸ்பிரெட்டில் கை வைக்கவில்லை. 659-ம் கணக்குப் பிழையில்லை. ஷீட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்:

```
=NPER(9.25/1200,-22811,2940372)
=PMT(9.25/1200,217,-2940372)
```

முதல் வரி 658.2 என்று காட்டும், கடைசி அரைகுறைத் தவணையையும் சேர்த்தால் 659. இரண்டாவது வரிக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டரை சதவீதம் "தான்" என்று நினைப்பதில்தான் சறுக்கல். 6.75-க்கு மேல் 2.50 என்றால் வட்டிச் செலவு 37% கூடிவிட்டது. கடனின் முதல் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு 6.75% வட்டி 16,875. தவணை 22,811-இல் மிச்சம் 5,936 அசலுக்குப் போனது. இந்த 5,936-தான் கடனை அடைக்கிறது, மற்றதெல்லாம் வாடகை மாதிரி. வட்டி ஏறும்போது தவணையைத் தொடாமல் விட்டால், ஏற்றம் முழுவதும் இந்தச் சின்னப் பங்கிலிருந்தே கழிகிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00-லிருந்து ஆறு முறை ஏறி 6.50 ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது உங்கள் கடனில் ஏறியிருக்கிறது. 5,936 படிப்படியாகக் கரைந்து 145-இல் நிற்கிறது.

23 மாதத்தில் நீங்கள் கட்டியது 5,24,653. அசலில் குறைந்தது 59,628. அதிலும் பாதிக்கு மேல் முதல் ஆறு மாதத்திலேயே குறைந்தது.

ரஃபி

எனக்கும் இதே ஏற்றம்தான், 7-லிருந்து 9.5. ஆனால் மூன்று தவணைதான் கூடியது, 46 இருந்தது 49 ஆனது. பாக்கி 8 லட்சம், தவணை 20,000. நான் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டேன். நீங்களும் பதற வேண்டாம் என்றே தோன்றுகிறது.

எழில்

ரஃபி, உங்கள் கடன் வாலில் நிற்கிறது. 9.5 ஆன பிறகும் உங்கள் 20,000-இல் வட்டி 6,333 மட்டுமே, அசலுக்கு 13,000-க்கு மேல் போகிறது. அந்த இடத்தில் விட்டுவிடுவது தப்பில்லை. வெண்மதியின் கடன் இரண்டாம் வருஷத்தில் இருக்கிறது. அங்கே அதே ஏற்றம் 217 தவணையை 659 ஆக்குகிறது.

யாருக்கும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. பாக்கி அசல் × வட்டி விகிதம் ÷ 1200. இது தவணையில் எத்தனை பங்கு என்று பாருங்கள். முக்கால் பங்குக்குள் இருந்தால் காலம் நிதானமாகத்தான் நீளும். பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டினால் ஒவ்வொரு கால் சதவீதமும் வருஷக் கணக்கில் தள்ளிவிடும். வெண்மதிக்கு அது 22,665 / 22,811. வட்டி 9.31% ஆனாலே தவணை வட்டிக்குக்கூடப் போதாது. 9.50 ஆனால் மாதம் 467 ரூபாய் அசலோடு சேரும், அதாவது கட்டக் கட்டக் கடன் ஏறும்.

ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை இதைத்தான் கூடாது என்கிறது. காலத்தை நீட்டுகிறேன் என்ற பெயரில் தவணை வட்டிக்கும் குறைவாகிவிடக் கூடாது. தவணையா காலமா என்று வாங்கியவரைக் கேட்க வேண்டும். பழைய கடன்களுக்கும் டிசம்பர் 31-க்குள் அமலாக்க வேண்டும். உங்களுக்கு இப்போது கடிதம் வந்ததற்கு அதுதான் காரணம்.

பாண்டி77

37% கணக்கு இப்போதுதான் உறைக்கிறது. சரி, அப்படியானால் 10.75 ஃபிக்ஸட்தானே நிம்மதி? இனி ஏறவே ஏறாதே.

எழில்

இப்போது அந்த இரண்டாவது வரி. பழைய முடிவு தேதியிலேயே, அதாவது 217 தவணையில், முடிக்க வேண்டுமானால் 9.25%-க்குத் தவணை 27,946. அதே 217-ஐ 10.75%-க்குப் போட்டால் 30,786. ஃபிக்ஸடுக்கு மாறினால் முதல் மாதத்திலிருந்தே 2,840 அதிகம். அது லாபமாக வேண்டுமானால் ரெப்போ இன்னும் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். ஏறினால் மட்டும் போதாது, அங்கேயே சில வருஷம் உட்கார வேண்டும். இடையில் கட்டிய கூடுதல் வேறு ஈடாக வேண்டும். 2.50 ஏறி முடித்த உச்சிக்குப் பக்கத்தில் ஃபிக்ஸட் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 6.75-இல் இருந்தபோது கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

மாறுவதாக இருந்தாலும் மூன்றை எழுத்தில் கேளுங்கள். கடைசி வரை ஃபிக்ஸடா, இல்லை மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குப் பிறகு மாற்றி நிர்ணயிப்பார்களா? மாற்றக் கட்டணம் எவ்வளவு? இடையில் தொகை கட்டினால் அபராதம் உண்டா? ஃப்ளோட்டிங்கில் தனிநபர் வீட்டுக்கடனுக்கு அந்த அபராதம் கிடையாது. மாறினால் அந்தச் சுதந்திரம் போகலாம்.

மூர்த்தி

எழில் சொல்வது கணக்கில் சரி. ஆனால் வெண்மதியால் மாதம் 2,000-தான் கூட்ட முடியும். 27,946 என்றால் 5,135 கூடுதல், அது முடியாது. முடியாததைச் சொல்லிப் பயனில்லை. கையில் உள்ளதை வைத்து என்ன ஆகும் என்று போட்டேன், எல்லாம் 9.25%-க்கே:

தவணை 24,000 ஆக்கினால் 377 தவணை. 25,000 ஆக்கினால் 309. தவணையைத் தொடாமல் 2 லட்சம் மட்டும் கட்டினால் 340. 2 லட்சமும் கட்டி 25,000-ம் ஆக்கினால் 243.

முதல் 1,189 ரூபாய் ஏற்றத்திலேயே 282 தவணை குறைகிறது, அடுத்த ஆயிரத்துக்கு 68-தான். 145 ரூபாய் அசல் போகும் இடத்தில் ஆயிரம் சேர்த்தால் அது எட்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதனால் முழுதாக 27,946 வரை போக முடியவில்லையே என்று எதையும் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

ஒன்றில் கவனம். 2 லட்சம் கட்டும்போது சில இடத்தில் காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். 659 தவணையை வைத்துக்கொண்டு குறைத்தால் தவணை 21,260 வாக்கில் வரும், அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்" என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்குங்கள். அடுத்த மாதமே புதிய அட்டவணை எடுத்து மீதித் தவணை எண்ணைப் பாருங்கள்.

வெண்மதி

ரொம்ப நன்றி. 25,000 சமாளிக்கலாம், 189 ரூபாய்க்காகப் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் 2 லட்சம்தான் எங்களிடம் உள்ள மொத்த அவசரப் பணம். அதைக் கொடுத்துவிடலாமா?

மூர்த்தி

முழுவதையும் கொடுக்காதீர்கள். கடனில் கட்டிய பணம் திரும்ப வராது, வேலை போனால் அடுத்த தவணையை வங்கி கேட்கத்தான் செய்யும். முதலில் 25,000 ஆக்குங்கள், அது நாளைக்கே செய்யக்கூடியது. நான்கைந்து மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியே நின்ற பிறகு மிச்சத்தைக் கட்டலாம்.

எழில்

இதில் மூர்த்தியோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. அந்த 2 லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் ஒரு லட்சத்தையாவது இப்போதே கட்டலாம் என்பேன். 9.25%-க்கு நிகரான வருமானம் வேறு எதிலும் நிச்சயமாக வராது. ஆனால் வீட்டில் ஒரே சம்பளமா இரண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரே சம்பளம் என்றால் மூர்த்தி சொல்வதுதான் சரி.

இன்னொன்று. பிற்பாடு வட்டி இறங்கும்போது தவணையைக் குறைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்றைய பாக்கியில் 8.5% ஆனால் அதே 25,000 தவணை 254-இல் முடியும், 309-இல் அல்ல. ஃபிக்ஸடுக்குப் போயிருந்தால் இந்த இறக்கம் உங்களுக்கு வராது.

ரஃபி

இதே வங்கியில் புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்பிரெட் 2.75-தானா? எனக்குத் தெரிந்தவருக்கு 2.10-க்குக் கொடுத்தார்கள்.

வெண்மதி

அதைக் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை தவணை உயர்த்தும் படிவத்தோடு ஸ்பிரெட் குறைக்கச் சொல்லி ஒரு கடிதமும் கொடுக்கிறேன். மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று சொன்னால் இங்கே எழுதுகிறேன். அது எத்தனை மாதத்தில் திரும்பும் என்று யாராவது போட்டுக் கொடுங்கள்.