ஊசியிலிருந்து வாய்மருந்துக்கு: படியிறக்கமா, தொடர்ச்சியா?

மொழிபெயர்ப்பாளர், சேலம்

குழந்தைகளுக்கு இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுச் சீழ் வந்தால், வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோரிடம் தர ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நோய்க்கு ‘மூட்டுச் சீழ்’ என்றும், அறுவை அரங்கில் செய்வதற்கு ‘மூட்டு அலசல்’ என்றும் வைத்துக்கொண்டேன். ‘சீழ் மூட்டழற்சி’ பாடநூலுக்குப் பொருந்தும். தாய்க்கு முதல் சொல்லே போதும். ‘மூட்டுவாதம்’ என்பதைத் தவிர்த்துவிட்டேன். அதைப் படித்தால் எண்ணெய் தடவிக் கட்டுப் போடத் தோன்றும்.

சிக்கல் மூன்றாவது சொல்லில்தான். சில நாள் நரம்பு ஊசி போட்டபின் வாய்மருந்துக்கு மாற்றுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? மருத்துவமனைகளில் ‘மாத்திரைக்கு மாத்தியாச்சு’ என்கிறார்கள். அச்சில் என்ன போடுவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

‘படியிறக்கம்’ என்று போடுங்கள். சுருக்கமானது, பார்த்தவுடன் பொருள் விளங்கும். மூட்டைத் திறந்து அலசியபோதே கிருமி பெரும்பாலும் வெளியேறிவிட்டது. ஊசி மிச்சத்தைக் கொன்றுவிட்டது. அதன்பின் வாய்மருந்து ஒரு காவலுக்குத்தான். பெரிய மருந்திலிருந்து சிறிய மருந்துக்கு இறங்குவதுதானே நடக்கிறது? ‘அலசல்’ எனக்குப் பிடிக்கவில்லை. இதழ்களில் அரசியல் அலசல் படித்துப் பழகிவிட்டோம். ‘கழுவல்’ இருக்கட்டும்.

குழந்தை எலும்பு மருத்துவர், மதுரை

ஐயா, கழுவலா அலசலா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ‘படியிறக்கம்’ மட்டும் வேண்டாம். நீங்கள் சொன்னதில் பாதி சரி. அலசும்போது சீழும், அதிலுள்ள குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளும் வெளியேறுகின்றன. மூட்டுப் பையின் உள்ளழுத்தமும் இறங்குகிறது. இடுப்பில் இந்த அழுத்தம்தான் முதல் எதிரி. தொடை எலும்பின் தலைக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாய்கள் மூட்டுப் பைக்குள்ளேயே ஓடுகின்றன. சீழ் நிறைந்து அவை நசுங்கினால் எலும்புத் தலை செத்துவிடும். அதனால்தான் இரவானாலும் காத்திருக்காமல் இடுப்பைத் திறக்கிறோம். ஆனால் மூட்டின் உட்சவ்வில் ஒட்டியிருக்கும் கிருமி உப்புநீருக்குப் போகாது. இடுப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. தொடை எலும்புக் கழுத்தின் ஒரு பகுதி மூட்டுப் பைக்குள்ளேயே இருப்பதால், பல நேரம் நோய் எலும்பில் தொடங்கி மூட்டுக்குள் உடைத்துக்கொண்டு வருகிறது. அந்த எலும்பை அலசல் தொடுவதே இல்லை. அங்கே வேலை செய்வது மருந்து மட்டும்தான்.

‘சிறிய மருந்து’ என்பதும் தவறு. நான் பார்த்த ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். நான்கு வயது, 14 கிலோ. இரண்டு நாளாகக் காய்ச்சல், வலது காலை ஊன்றவே இல்லை. தொடையை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தே படுத்திருந்தாள். பையில் இடம் அதிகம் கிடைப்பது அந்த நிலையில்தான். ஸ்கேனில் இடுப்பில் நீர் தெரிந்தது. அது சீழா, வெறும் நீரா என்று ஸ்கேன் சொல்லாது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 96 மில்லிகிராம். இரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு அன்றிரவே முன்பக்கமாகத் திறந்தோம், சீழ்தான். அதையும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, நிறைய உப்புநீரால் அலசி, ஒரு வடிகுழாய் வைத்து மூடினோம். செஃபசோலின் 700 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில். மூன்றாம் நாள் கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் வகைக் கிருமி. இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நான்காம் நாள் சி.ஆர்.பி. 38. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. டயப்பர் மாற்றும்போது அழுவது நின்றிருந்தது. கஞ்சி குடித்து வாந்தி இல்லாமல் இருந்தாள். அன்றே செஃபலெக்சினுக்கு மாற்றினேன்.

எவ்வளவு கொடுத்தேன் என்று பாருங்கள். ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது 1,400. நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 350. தொண்டை வலிக்குச் சாதாரணமாகக் கொடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. இதில் இறக்கம் எங்கே இருக்கிறது? ‘இறக்கம்’ என்று அச்சில் போட்டால், குழந்தை ஓட ஆரம்பித்த மறுநாள் தாய் மருந்தை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாம் கொடுத்த சொல் அப்படி.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்

என் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் மாற்று அறுவை செய்த பிறகு மூட்டில் சீழ் வந்தது. ஊசி ஆறு வாரம், மாத்திரை மாதக்கணக்கில் என்றார்கள். குழந்தைக்கு நான்கு நாளில் மாற்றலாம் என்றால் அம்மாவுக்கு ஏன் முடியாது? கலைச்சொல்லை விட இதை யாராவது விளக்கினால் நல்லது.

குழந்தை எலும்பு மருத்துவர், மதுரை

அது வேறு நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலோக மூட்டின் மேல் கிருமி படலமாகப் படிந்துவிடும். அங்கே மருந்து எளிதில் ஊடுருவாது. குழந்தையின் மூட்டில் அந்நியப் பொருள் எதுவும் இல்லை, இரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிறது. உங்கள் அம்மாவின் கணக்கை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். இங்கே படித்ததை வைத்து எதையும் குறைத்துவிடாதீர்கள்.

செவிலியர், யாழ்ப்பாணம்

‘மாத்திரை’ என்று போட்டால் எங்கள் பக்கத்தில் நேரே விளங்காது. நாங்கள் குளிசை என்போம். சிறு பிள்ளைக்குக் குளிசையும் கொடுப்பதில்லை, பாணி மருந்துதான். ஆகவே பெயரில் மாத்திரையும் வேண்டாம், குளிசையும் வேண்டாம், ‘வாய்வழி’ என்று வைத்தால் இரு கரைக்கும் பொதுவாக இருக்கும். எங்களிடம் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஊசியை நிப்பாட்டினால் பிள்ளைக்குக் குறைவாய்ப் போகாதா?” அதற்கு விடை சொல்லும் சொல்லாக இருக்க வேண்டும். ‘வாய்வழித் தொடர்ச்சி’ எப்படி?

மருந்தாளுநர், திருநெல்வேலி

தொடர்ச்சி நன்றாக இருக்கிறது. ஆனால் மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மருந்து ஒன்றாகவே தொடர்வதில்லை. செஃபசோலின் வாய்வழியில் கிடையாது. அதன் தங்கை செஃபலெக்சின் வருகிறது. வழி, மருந்து, அளவு மூன்றும் மாறுகின்றன. ‘தொடர்ச்சி’ என்று மட்டும் எழுதினால் அந்த மாற்றம் மறைந்துவிடும். ‘வாய்வழி மாற்றம்’ போதும் என்பது என் எண்ணம்.

மருத்துவர் சொன்ன 350 மில்லிகிராமை நடைமுறையில் பாருங்கள். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் வேளைக்கு 7 மில்லி. அதே பெயரில் 5 மில்லிக்கு 125 என்றும் புட்டி உண்டு. சீட்டில் ‘7 மில்லி’ என்று மட்டும் இருந்து, கடைக்காரர் 125-ஐ எடுத்துக் கொடுத்தால் குழந்தைக்குப் பாதி மருந்துதான் போகும். ஒரு நாளுக்கு 28 மில்லி தேவை. 30 மில்லிப் புட்டி ஒரு நாளில் காலி. “ஒரு புட்டி முடியும்வரை கொடுங்கள்” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. குறிப்பில் மில்லியும் இருக்க வேண்டும், புட்டியின் வலிமையும் இருக்க வேண்டும், முடியும் தேதியும் இருக்க வேண்டும்.

இன்னொன்று: நீரில் கரையும் செஃபலெக்சின் மாத்திரை 125, 250 என்று இருக்கிறது. இரண்டையும் ஒரு கரண்டி நீரில் கரைத்தால் 375. அப்படியானால் ‘மாத்திரை’ என்பதும் முழுப் பொய் இல்லை.

குழந்தை எலும்பு மருத்துவர், மதுரை

375 இந்த எடைக்குச் சரிதான். நானும் அப்படி எழுதுவதுண்டு.

மாற்றுவதற்கு இந்த நாள் என்று கணக்கு இல்லை. குழந்தை காட்டும் அறிகுறிகள்தான் கணக்கு: காய்ச்சல் விட வேண்டும், மூட்டை அசைக்க விட வேண்டும், சி.ஆர்.பி. தெளிவாக இறங்க வேண்டும், மருந்து வயிற்றில் தங்க வேண்டும். அலசி மூன்று நான்கு நாளாகியும் காய்ச்சல் விடாமல், சி.ஆர்.பி. இறங்காமல் இருந்தால் மருந்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். சீழ் மீண்டும் சேர்ந்திருக்கும், அல்லது பக்கத்து எலும்பில் இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவையானால் மறுபடி அலச வேண்டும். இன்னொரு அழற்சிச் சோதனையான இ.எஸ்.ஆரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குழந்தை தேறும்போதும் அது சில நாள் ஏறிக்கொண்டிருக்கும்.

சி.ஆர்.பியில் ஒரு பொறி உண்டு. சில ஆய்வகங்கள் லிட்டருக்கு, சில டெசிலிட்டருக்கு எழுதுகின்றன. லிட்டருக்கு 20 என்பதும் டெசிலிட்டருக்கு 2 என்பதும் ஒன்றே. மருத்துவமனையில் 38, வெளி ஆய்வகத்தில் 3.8 என்று வந்ததும் “பத்தில் ஒன்றாகிவிட்டது” என்று மகிழ்ந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளிகூட இறங்கியிருக்கவில்லை.

மொத்த நாள் பற்றி: பின்லாந்தில் பெல்டோலாவும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 130 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு 10 நாள், மறு பிரிவுக்கு 30 நாள் மருந்து. ஊசி தொடக்கத்தில் சில நாள் மட்டும். பெரும்பாலோருக்கு மூட்டைத் திறக்கவே இல்லை. ஊசியால் உறிஞ்சியதோடு சரி. 10 நாள் பெற்றவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அங்கே செஃபலெக்சின் வகையான செஃபலோஸ்போரின் கொடுத்தவர்களுக்கு ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். மெத்திசிலினுக்கு அடங்காத வகையும் அங்கே தொல்லையாக இல்லை. என்னிடம் வரும் குழந்தைகளில் சிலர் ஒரு வாரம் கழித்து வருகிறார்கள். சிக்கலில்லாத மூட்டுக்கு நான் இரண்டு முதல் மூன்று வாரம் கொடுக்கிறேன். எலும்பும் சேர்ந்தால் கூடும். பச்சிளங் குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

‘இறக்கம்’ வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘மாற்றம்’ வெறும் சொல். எதிலிருந்து எதற்கு என்ற கேள்வி நிற்கிறது. ‘தொடர்ச்சி’ தாய்க்கு நல்லது. செவிலியர் அம்மாவுக்கே என் ஓட்டு. ‘அலசல்’ மேல் என் வழக்கு அப்படியே நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர், சேலம்

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். மருத்துவர் எழுதும் சுருக்கத்தில் ‘வாய்வழி மாற்றம்’, பெற்றோர் குறிப்பில் ‘வாய்வழித் தொடர்ச்சி’. ஒரே செயலுக்கு இரண்டு பெயரா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். பெற்றோர் குறிப்பின் வரிகள்:

“மூட்டை அலசியாயிற்று. ஊசியில் தொடங்கிய சிகிச்சை இனி வாய்வழியாகத் தொடர்கிறது. மருந்தின் வலிமை: 5 மில்லிக்கு ____. ஒரு வேளைக்கு ____ மில்லி, ஒரு நாளுக்கு ____ வேளை. கடைசி வேளை: ____ தேதி இரவு. குழந்தை ஓடி விளையாடினாலும் அதற்கு முன் நிறுத்த வேண்டாம். மீண்டும் காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்ற மறுத்தாலோ, மருந்தை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ அன்றே வாருங்கள்.”

செவிலியர், யாழ்ப்பாணம்

நல்லது. கிளின்டாமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளுக்குத் தனி வரி வேண்டும். கசப்பால் துப்பிவிடுவார்கள், துப்பியதைத் தாய் சொல்லமாட்டார். வயிற்றுப்போக்கு வந்தால் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். அதை எப்படி எழுதுவீர்கள்?